லாரி ஓட்டுநரின் கடிதமும் என் பதில்களும்: மலச்சிக்கல், ரத்தம், வழியில் கழிப்பறை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"டாக்டரம்மாவுக்கு வணக்கமுங்க. நேர்ல சொல்ல வாய் வரல, அதனால எழுதிக் குடுத்தனுப்பறேன். வயசு 47. கஞ்சிக்கோட்டுல கம்பி ஏத்தி நாக்பூர் வரைக்கும் ஓட்டறேன். ஏழு மாசமா வெளிக்கிப் போறது மூணு நாலு நாளைக்கு ஒருக்காதானுங்க. கல்லு மாதிரி வருது, போகையில பிளேடு வெச்சுக் கீறுன மாதிரி இருக்குது, ரத்தமும் வருது. வர்ற நேரத்துல வண்டிய நிறுத்த எடமில்ல, நிறுத்துன எடத்துல கக்கூசு இல்ல. விடியறதுக்கு முன்னால இருட்டுல பாட்டிலோட எறங்கறதுதான். சில நாளு தண்ணியாக் கசிஞ்சு லுங்கி கறையாகுது. இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடறேன். வயசாயிருச்சு போல, ரிட்டர்ன் லோடுக்குத் தார்ப்பாய் கட்ட மேல ஏறுனா இப்பெல்லாம் மூச்சு வாங்குது. மூலத்துக்கு ஒரு மருந்து குடுத்தனுப்புங்க."

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்த கடிதம் இது. மருந்து கொடுத்தனுப்பவில்லை. அடுத்த நடை முடிந்து திரும்பியதும் கட்டாயம் வரச் சொன்னேன். வந்தார். அதற்குப் பிறகு நான்கு மாதங்களில் அவர் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும், பேரையும் ஊரையும் எடுத்துவிட்டு, அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக வண்டி ஓட்டுகிற பலர் இதே கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். ஆனால் வரும்போது வருடம் ஒன்றோ இரண்டோ கடந்திருக்கும்.

"வரும்போது அடக்கிக்கறேன். ஒரு நாள்தானே, அப்புறம் போய்க்கலாம்னு நினைப்பேன். அதுல என்னங்க கெட்டுப்போகுது?"

ஒரு நாள் அடக்கினால் ஒன்றும் கெடாது. ஏழு மாதம் அடக்கியதுதான் கெடுத்திருக்கிறது.

மலக்குடலுக்குள் மலம் வந்து இறங்கினதும் அதன் சுவர் விரிகிறது. அந்த விரிவைத்தான் 'வருது' என்று நாம் உணர்கிறோம். உள்ளே இருக்கும் சுருக்குத்தசை தானாகவே தளர்ந்துவிடும். வெளியே இருக்கும் தசை மட்டும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை இறுக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் உணர்ச்சி அடங்கிவிடும், 'போயிருச்சு' என்று நினைத்துக்கொள்வோம். மலம் எங்கேயும் போகவில்லை, கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெருங்குடலின் முக்கிய வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் அதற்குள் வந்தால், மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். எவ்வளவு நேரம் மலம் உள்ளே கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது காய்ந்துகொண்டே இருக்கும்.

இதைவிட மோசமானது இன்னொன்று. அடிக்கடி அடக்கினால் மலக்குடல் தளர்ந்து பெரிதாகிவிடும். முன்பு ஒரு கைப்பிடி மலத்துக்கே கூப்பிட்ட குடல், இப்போது இரண்டு மூன்று மடங்கு சேர்ந்த பிறகுதான் கூப்பிடும். அதனால்தான் உங்களுக்கு மூன்று நாளைக்கு உணர்ச்சியே வருவதில்லை. வரும்போது வருவது பெரிதாகவும் கல்லாகவும் இருக்கிறது. அது ஆசனவாயைக் கிழிக்கிறது. கிழிந்த இடம் வலிக்கும் என்ற பயத்தில் அடுத்த தடவை இன்னும் அடக்குகிறீர்கள். ஆரம்பத்தில் இடம் கிடைக்காமல் அடக்கினீர்கள், இப்போது இடம் கிடைத்தாலும் வலிக்குப் பயந்து அடக்குகிறீர்கள். இதை நீங்களே என்னிடம் ஒத்துக்கொண்டீர்கள்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குப் போக இடமில்லையே என்று காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு டம்ளர் டீயோடு ஓட்டுகிறீர்கள். அனந்தபூர், கர்னூல் வெயிலில் கேபினுக்குள் வியர்த்தே பாதி உடம்பு காய்ந்துவிடுகிறது. அந்த நாளில் குடல் மலத்திலிருந்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்சத்தான் பார்க்கும். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டன்சாயா நிறத்தில் இருந்தால் எந்த மலமிளக்கியும் முழுதாக வேலை செய்யாது.

"தண்ணியாக் கசிஞ்சது பேதின்னு நினைச்சு, பேதி நிக்கற மாத்திரை போட்டேன். அப்புறம் அஞ்சு நாள் போகவே இல்ல."

அது பேதி இல்லை. உள்ளே கட்டியாக அடைத்திருக்கும் மலத்தின் பக்கவாட்டில், மேலே இருக்கும் இளகிய மலம் கசிந்து இறங்குகிறது. நாள்கணக்கில் போகாமல் இருந்துவிட்டு, அடக்க முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகக் கசிந்தால் முதலில் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பேதி நிறுத்துகிற மாத்திரை குடலின் அசைவை மந்தப்படுத்தும். நீங்கள் அடைப்புக்கு மேல் இன்னொரு பூட்டு போட்டிருக்கிறீர்கள்.

இப்படி வருபவருக்கு முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். உங்களுக்கு இடது பக்கம் அடிவயிற்றில் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டது. வாந்தி இல்லை, வயிறு ஊதி இறுகவில்லை, காற்று பிரிகிறது. அதனால் வாய் வழியாகவே இளக்கலாம் என்று முடிவு செய்தேன். இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

"ரத்தம் மூலத்துனாலதானே வருது? எங்க ஆளுக எல்லாருக்கும் மூலம் இருக்குதுங்க."

வலியையும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாக, சில சமயம் பீய்ச்சிக்கொண்டு, பளிச்சென்ற சிவப்பில் வரும். கீறுகிற வலி இருந்து, போய் வந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிந்தால் அது ஆசனவெடிப்பு. அதில் ரத்தம் மலத்தின் ஓரத்தில் கோடாகவோ கழுவும்போது கையிலோ தெரியும், அளவு குறைவாக இருக்கும்.

இவை இரண்டும் அல்லாத ரத்தம் உண்டு. மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக வருவது, சளியோடு வருவது, தார் போலக் கறுத்து ஒட்டி நாற்றமடிப்பது. முதல் இரண்டும் பெரும்பாலும் பெருங்குடலிலிருந்தும், கடைசியது பெரும்பாலும் இரைப்பை, சிறுகுடல் பக்கமிருந்தும் வரும். இவற்றை மூலம் என்று சொல்லி மருந்து கொடுப்பது தவறு.

உங்களிடம் 'ரத்தம் எப்படி இருக்கும்' என்று கேட்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'இருட்டுலயே போயிட்டு வர்றேன், பார்த்ததில்லைங்க, வீட்டுல இருக்கையில மட்டும் பார்த்தேன்' என்றீர்கள். அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. மாதத்தில் 20 நாள் ரோட்டோரப் புதரில், விடியுமுன் போகிற ஒருவருக்குத் தன் ரத்தத்தின் நிறமும் தெரியாது, அளவும் தெரியாது. கழிப்பறை இல்லாததால் போவது வசதி மட்டும் என்று நினைக்கிறோம். நோயை முதலில் கண்டுகொள்ள வேண்டிய அவருடைய கண்ணையும் அது பறித்துவிடுகிறது. அன்றைக்கு உங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் சாமான் மருந்து அல்ல, ஒரு சின்ன டார்ச்.

"தார்ப்பாய் கட்டறப்ப மூச்சு வாங்கறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட ஒரே வரி அதுதான். இரண்டு வருடமாக அதே லோடின் மேல் அதே தார்ப்பாயைக் கட்டிய ஆள், இந்த ஏழு மாதத்தில் மட்டும் மூச்சு வாங்கினால் அதை வயசின் தலையில் கட்ட முடியாது.

கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே சோகை. சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7-தான் இருந்தது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநாளாக எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இது கணக்குப் புத்தகம் மாதிரி. நீங்கள் பார்க்காத நாட்களின் வரவு செலவெல்லாம் இதில் எழுதியிருக்கிறது.

ஆசனவெடிப்பில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் 8.9-க்கு இறங்குவது மிக அபூர்வம். மூலத்தில் நடக்கலாம், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் தாராளமாகக் கொட்டியிருக்க வேண்டும். நடுவயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு சோகை இருந்தால், பின்னால் மூலம் தெரிகிறது என்பதற்காகத் தேடுவதை நிறுத்தக் கூடாது. இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே பார்த்தாக வேண்டும். இடுப்பு வலிக்கு நீங்கள் வாங்கிப் போட்டது டைக்ளோஃபினாக். அது இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும் மருந்து, அதுவும் வெறும் வயிற்றில் டீயோடு. அதை அன்றே நிறுத்தச் சொன்னேன். செருப்பில்லாமல் புதருக்குள் இறங்குகிறீர்கள், கொக்கிப்புழு காலின் தோல் வழியாகத்தான் ஏறும், அதுவும் ரத்தம் குடிக்கும். மலப் பரிசோதனைக்கும் கொடுத்தோம். அதில் புழு முட்டை இல்லை.

"பரிசோதனைன்னா கை போட்டுப் பார்ப்பீங்களா? பொம்பள டாக்டருகிட்ட எப்படிங்க?"

இந்தக் கூச்சம்தான் உங்களைக் கடிதம் எழுத வைத்தது என்று எனக்குத் தெரியும். ஆண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றால் என்னுடன் வேலை செய்பவரைக் கூப்பிடுகிறேன் என்றேன். வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றீர்கள்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முட்டியை வயிற்றோடு மடக்கிக்கொள்வது, இவ்வளவுதான் நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் விரலே போடாமல், இரு பக்கமும் மெல்ல விலக்கிப் பார்ப்பேன். வெடிப்பு முக்கால்வாசிப் பேருக்கு அதிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கும் பின்புறம் நடுவில், அரை அங்குல நீளத்துக்கு, ஓரம் தடித்த வெடிப்பு. அதன் அடியில் சின்னத் தோல் மடிப்பு, அதைத்தான் நீங்கள் வெளிமூலம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். ஓரம் தடித்து, மடிப்பும் வளர்ந்திருப்பது வெடிப்பு பழசாகிவிட்டதைக் காட்டும். சதை இறுகி வலித்ததால் அன்றைக்கு விரல் போடவில்லை. மூன்று வாரம் கழித்து, மரக்கவைக்கும் ஜெல் தடவி, விரலாலும் சின்னக் குழாய்க் கருவியாலும் பார்த்தேன். இரண்டாம் கட்ட உள்மூலம் இருந்தது, அதாவது முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போவது. கைக்கு எட்டிய தூரத்தில் கட்டி எதுவும் இல்லை.

வலியோடு வருபவருக்கு வம்படியாக விரல் போட்டுப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. ஒரு தடவை அப்படி நடந்தவர் மறுபடி எந்த டாக்டரிடமும் வரமாட்டார்.

"கேமரா விட்டுப் பார்க்கறதுக்கு எத்தனை நாள் லீவு வேணும்? நடை போச்சுன்னா சம்பளமும் போச்சு."

மூன்று நாள். பரிசோதனையே அரை மணி நேரம்தான், நாள் பிடிப்பது தயாரிப்பு. குடல் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே தெரியும். முந்தைய நாள் கஞ்சித்தண்ணி, தெளிந்த ரசம், இளநீர் மாதிரிதான். குடலைக் கழுவுகிற பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதி சாயந்தரம், பாதி மறுநாள் விடியற்காலையில் குடிக்க வேண்டும். பத்துத் தடவைக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். இதை வண்டியில் இருந்துகொண்டு செய்யவே முடியாது, வீட்டுக் கழிப்பறை பக்கத்தில் இருந்தாக வேண்டும். மயக்க ஊசி கொடுத்தால் மறுநாள் முழுக்க ஸ்டீயரிங் தொடக் கூடாது.

மலச்சிக்கல் உள்ளவருக்கு ஒரு நாள் மருந்து போதாது. அதனால் முந்தைய வாரமே மலமிளக்கியைக் கூட்டினேன். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்னால் நிறுத்தச் சொன்னேன், அது குடல் சுவரில் கறுப்பாக அப்பிக்கொள்ளும்.

பாலக்காட்டில் பார்த்தார்கள். இரைப்பையில் மேலோட்டமான அரிப்புப் புண்கள், வலி மாத்திரையின் வேலை. பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் காம்போடு ஒரு பாலிப், அதாவது உள்சுவரிலிருந்து தொங்கும் சதைக் குருத்து, 12 மில்லிமீட்டர். கம்பி வளையம் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். ஆய்வில் அது அடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் பல வருடங்களில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை. 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததால் மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தேதியை உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் உறைக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.

சோகைக்கு எது காரணம் என்று பிறகு கேட்டீர்கள். இரைப்பைப் புண், பாலிப், மூலம், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசிந்திருக்கும் என்பதுதான் நேர்மையான பதில். மூலத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தனுப்பியிருந்தால் மற்ற இரண்டும் உள்ளேயே இருந்திருக்கும்.

"வயித்துக்கு மருந்து குடிச்சா ரோட்டுல எங்க முட்டுமோன்னு பயமா இருக்குதுங்க. எதைச் சாப்பிடறது?"

மருந்தை விட அது வேலை செய்யும் நேரம் ஓட்டுநருக்கு முக்கியம். நீங்கள் முன்பு போட்டது பிசகோடில். அது குடலை உதைத்துத் தள்ளுகிற வகை, 6 முதல் 12 மணி நேரத்தில் முறுக்கிக்கொண்டு வரும். சேலத்தில் போட்டால் கிருஷ்ணகிரியா பெங்களூரா என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு மாத்திரை ஒன்றாகப் போட்டு, டோல்கேட் வரிசையில் நின்று துடித்த கதையைச் சொன்னீர்கள். அதை நடையில் தொடவே வேண்டாம்.

உங்களுக்குக் கொடுத்தது பாலிஎத்திலீன் கிளைகோல் பொடி. அது குடலுக்குள் உறிஞ்சப்படாது, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். முறுக்காது, அவசரப்படுத்தாது. அடைப்பை எடுக்க, வீட்டில் இருந்த முதல் மூன்று நாள் மட்டும் தினம் 4 பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீரில், பகல் முழுக்க மெல்ல மெல்ல. இது என் கண்காணிப்பில் கொடுத்த அளவு, யாரும் தானாக எடுக்க வேண்டாம். அதன் பிறகு தினமும் இரவு 17 கிராம் பொட்டலம் ஒன்று, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரு நாள் விட்டாலும் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் நன்றாகிவிட்டது என்று பத்தாவது நாளே நிறுத்தக் கூடாது. விரிந்த மலக்குடல் சுருங்க மாதங்கள் பிடிக்கும்.

இசப்கோல் உமி நல்லதுதான், ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டாம் என்றேன். அது தண்ணீரைக் குடித்துப் பருக்கும் பொருள். ஒரு ஸ்பூனுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீராவது வேண்டும். தண்ணீர் குறைத்துக் குடிக்கிற ஓட்டுநரின் குடலில், அதுவும் அடைப்பு இருக்கும்போது, அதுவே களிமண்ணாக இறுகும். தண்ணீர்ப் பழக்கம் வந்த பிறகு, மூன்றாம் மாதம்தான் சேர்த்தோம்.

வெடிப்புக்கு 2 சதவீத டில்டியாசெம் களிம்பு, பட்டாணி அளவு, விரல் நுனியால் ஆசனவாயின் ஓரத்தில் காலை, இரவு, எட்டு வாரம். இறுகிய சுருக்குத்தசையைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால்தான் வெடிப்பு ஆறுகிறது. நைட்ரோகிளிசரின் களிம்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பலருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். வண்டி ஓட்டுபவருக்கு அதை நான் எழுத மாட்டேன். வீட்டில் இருக்கும் நாளில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய டப்பில் பத்து நிமிடம் உட்காருங்கள். டெட்டால், உப்பு எதுவும் வேண்டாம். எட்டு வாரத்துக்குப் பிறகும் ஆறாவிட்டால் சின்ன அறுவை உண்டு. உங்களுக்குத் தேவைப்படவில்லை, ஏழாவது வாரம் வலி நின்றுவிட்டது.

சோகைக்கு இரும்பு மாத்திரை. அதுவே மலத்தைக் கட்டும் மருந்து. அதனால் தினமும் இல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தேன், அப்படியும் நன்றாகவே சேரும். டீயோடு போடக் கூடாது, போட்ட பின் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். மலம் கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டி நாறினால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

"நடையில போறதுக்கு எடம்? அதுக்கு என்னங்க மருந்து?"

அதற்கு மருந்து இல்லை, ஆனால் குடல் அசையும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள்ளும் பெருங்குடல் தானாக அசையும். சூடாக ஏதாவது குடித்தால் இன்னும் கூடும். அந்த நேரத்தில் கழிப்பறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

நாக்பூர் சுமார் 1,500 கிலோமீட்டர். அந்தப் பயணத்தை இருவரும் தாளில் வரைந்தோம். முன்பு நீங்கள் விடியற்காலை மூன்றுக்கு எழுந்து வண்டியை எடுத்து, ஏழு மணிக்கு ஓடிக்கொண்டே டீ குடிப்பீர்கள். அதாவது குடல் அசையும் நேரத்தில் கால் ஆக்சிலேட்டரில் இருக்கும். இப்போது இரவு வண்டியை ஓரங்கட்டுவதே கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்துத்தான். கஞ்சிக்கோடு தாண்டிய பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியிலிருந்து ஆரம்பித்து, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கழிப்பறை இருக்கும். பெரிய பெட்ரோல் பங்குகளில் ஓட்டுநர்களுக்கென்றே குளியலறையோடு இருக்கும். சுங்கச்சாவடியில் பூட்டி வைத்திருந்தாலோ தண்ணீர் இல்லாவிட்டாலோ 1033-க்குப் போன் செய்து சொல்லலாம். கேரளத்துக்குள் ஓடும் நாளில் 'டேக் எ பிரேக்' என்று பலகை போட்ட வழியோரக் கழிப்பறைகள் உண்டு. எழுந்ததும் முதலில் ஒரு பெரிய டம்ளர் வெந்நீர், பிறகு டீயும் சாப்பாடும், பிறகு வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடம் உட்காருவது, அதன் பிறகு வண்டி. வராவிட்டால் முக்காமல் எழுந்துவிடுங்கள், போனை உள்ளே கொண்டுபோகாதீர்கள். மேலைநாட்டுக் கழிப்பறையாக இருந்தால் காலடியில் ஏதாவது வைத்து முட்டியை இடுப்புக்கு மேல் உயர்த்துங்கள், குந்தி உட்கார்ந்த மாதிரி வழி நேராகும். பீங்கான் மேல் ஏறிக் குந்த வேண்டாம், உடைந்தால் ஆழமாக வெட்டும்.

லோடு இறக்கும் இடத்துக் கொடுமையை நீங்கள் சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. எட்டு மணி நேரம் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே ஊழியர்களுக்குக் கழிப்பறை இருந்தும், 'டிரைவருக்கு இல்லை' என்று காவலாளி திருப்பி அனுப்பிய கிடங்கு அது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று அதிலேயே இருந்தது. அந்த அரை மணியில் போக ஒரு இடத்தைத் தராதவர்களை ஒரு மருத்துவச் சீட்டால் என்னால் மாற்ற முடியவில்லை. 'இவருக்கு மருத்துவக் காரணத்தால் கழிப்பறை மறுக்கக் கூடாது' என்று என் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் கதவு திறந்தது, ஒரு இடத்தில் திறக்கவில்லை என்றீர்கள்.

"ராத்திரி பரோட்டா தானுங்க கிடைக்குது. வேற என்ன சாப்பிடறது?"

பரோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு நாருள்ள ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். காலையில் கிடைத்தால் புட்டும் கடலையும், கடலைதான் முக்கியம். வழியில் கொய்யா எங்கும் கிடைக்கும், தோலோடு இரண்டு. ஆந்திரா, தெலங்கானா பக்கம் தாபாவில் பப்பும் கீரையும் கேட்டு வாங்குங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், வாரம் வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

"ரோட்டோரம் 'மூலம் பௌத்திரம், ஒரே ஊசியில் குணம்'னு போர்டு இருக்குதே, அங்க போலாமா?"

போகாதீர்கள். ஊசிக்குள் என்ன மருந்து என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அரிக்கும் திரவத்தைப் போட்டு ஆசனவாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கி, சுண்டுவிரல்கூட நுழையாத நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஹீமோகுளோபினும் பார்க்க மாட்டார்கள். உங்கள் பாலிப் அந்த ஊசியோடு உள்ளேயே தங்கியிருக்கும்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கறப்ப எது நடந்தா நேரா ஆஸ்பத்திரி போகணும்?"

ரத்தம் நிற்காமல் கட்டி கட்டியாக வந்தால். நிற்கும்போது கண் இருட்டினால், நெஞ்சு படபடத்தால். தார் மாதிரி கறுப்பு மலம் வந்தால். வயிறு ஊதி, காற்றும் பிரியாமல் வாந்தி எடுத்தால். இவற்றில் எது நடந்தாலும் அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். ஹீமோகுளோபின் 8.9 இருந்த ஐந்து வாரம் உங்களை நெடுந்தூரம் போக வேண்டாம் என்றேன். கம்பி லோடோடு மயங்கி விழுந்தால் போவது உங்கள் உயிர் மட்டுமல்ல. நான்காம் மாதம் 12.6-க்கு வந்துவிட்டது. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும்.

"எங்கூட வர்ற கிளீனர் பையனுக்கும் இப்படித்தானுங்க. வயசு 22. அவனுக்கும் கேமரா போடணுமா?"

அநேகமாக வேண்டியிருக்காது. அந்த வயதில் வலியோடு கொஞ்சம் ரத்தம் என்றால் பெரும்பாலும் வெடிப்புதான், முறையாக இளக்கினால் ஆறிவிடும். வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே குடல் புற்றுநோய் வந்திருக்கிறதா, எடை குறைகிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து பேதி போகிறானா, மலத்தில் சளி வருகிறதா என்று கேட்பேன். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கணக்கு மாறும். ரத்தப் பரிசோதனை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும், அவனும் உங்களோடு இருட்டில்தானே இறங்குகிறான். அடுத்த நடை முடிந்து வரும்போது கூட்டி வாருங்கள். அவன் கடிதம் எழுத வேண்டியதில்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.